மூன்று வாரக் காய்ச்சல்: நான்கு வகைகளை வைத்து என்ன செய்வது?

"நான் பொது மருத்துவத்தில் முதலாண்டு முதுநிலை மாணவி. எங்கள் வார்டில் 34 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். காய்ச்சல், விலா ஓர வலி, சிறுநீர்த் தொற்று என்று சேர்ந்தார். செஃப்ட்ரியாக்சோன் போட்டதும் நான்காம் நாள் காய்ச்சல் நின்றது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாம் நாள் திரும்ப வந்தது. பைப்பராசிலின், இப்போது மெரோபெனம் என்று மாற்றிக்கொண்டே போகிறோம். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்ச்சர், சி.டி., எக்கோ எதிலும் ஒன்றுமில்லை. காய்ச்சல் 103 வரை போகிறது, ஆனால் ஆள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ரவுண்ட்ஸில் சீஃப் 'இது எந்த வகை?' என்று கேட்டார். தொற்று, புற்றுநோய், அழற்சி நோய், மற்றவை என்று ஒப்பித்தேன். 'எதை வைத்து எதை முன்னால் வைப்பாய்?' என்றார். முழித்தேன். இந்த வகைகளை உண்மையில் எப்படிப் பயன்படுத்துவது?"

உங்கள் நோயாளிக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நான் பயிற்சியில் இருந்தபோது ஏறக்குறையக் கெடுத்துவிட்ட ஒரு கேஸைச் சொல்கிறேன். நான்கில் மூன்று வகைகள் அந்த ஒரே ஆளிடம் வந்து போயின. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

58 வயதுத் தையல்காரர். ஆறு வாரமாகக் காய்ச்சல். மாலையில் 100, 101 என்று ஏறும், ராத்திரி வியர்த்து இறங்கும். எடை 72 கிலோவிலிருந்து 65க்கு வந்திருந்தது. கீழ் முதுகு வலி. குனிந்து தைக்கிற தொழிலால் வந்த வலி என்று அவரும் சொன்னார், நாங்களும் ஒத்துக்கொண்டோம். வெளியில் இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார். இரண்டு முறையும் மூன்று நாளில் காய்ச்சல் நின்றது, மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. சேர்ந்த அன்றே அவருக்கும் செஃப்ட்ரியாக்சோன் ஆரம்பித்தோம். பிளட் கல்ச்சர் மறுநாள் காலையில்தான் போனது. முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது.

ரிப்போர்ட்டுகள் வந்தன. ஹீமோகுளோபின் 9.2. இ.எஸ்.ஆர். 104. வெள்ளணுக்கள் 11,200. கிரியாட்டினின் 1.5. சிறுநீரில் சிவப்பணுக்கள், கொஞ்சம் புரதம். ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ், ஏ.என்.ஏ. நெகட்டிவ், சி3 குறைவு. மண்ணீரல் இரண்டு விரல் தட்டுப்பட்டது. மார்பு எக்ஸ்ரே சரியாக இருந்தது. எக்கோவில் வெஜிடேஷன் இல்லை. மூன்று நாள் கழித்து, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று தகவல் வந்தது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "தொற்று விலக்கப்பட்டது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ். வாஸ்குலைட்டிஸ் வாய்ப்பு அதிகம். நாளை காலை முதல் பிரெட்னிசோலோன் 40 மி.கி." கையெழுத்தும் போட்டாயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தி, வகைகளைப் பற்றிப் பேசுவோம்.

காரணம் தெரியாத காய்ச்சலுக்கு முதலில் ஒரு வரையறை கொடுத்தவர்கள் பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும், 1961இல். 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது நம் தெர்மாமீட்டரில் 101க்கு மேல், பல தடவை ஏற வேண்டும். மூன்று வாரமாவது நீடிக்க வேண்டும். ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துத் தேடியும் காரணம் பிடிபடாமல் இருக்க வேண்டும். மூன்று வாரம் என்று வைத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. தானாக வந்து தானாகப் போகிற வைரஸ் காய்ச்சல்களில் பெரும்பாலானவை அதற்குள் கழன்றுகொள்ளும். மிஞ்சி நிற்பது தேட வேண்டிய காய்ச்சல். அவர்கள் பார்த்த 100 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தொற்றுதான். அந்தப் பட்டியலை இன்று படித்தாலும், கேள்விப்படாத நோய்கள் அதில் குறைவு. தெரிந்த நோய்கள்தான், தெரியாத வேஷத்தில்.

சரி, தொற்றில் ஆரம்பிப்போம். மூன்று வாரம் ஆகியும் பிடிபடாத தொற்று என்றால், அது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். நுரையீரலில் பெரிய நிமோனியா இருந்தால் எக்ஸ்ரேயில் எப்போதோ தெரிந்திருக்கும். அதனால் "எந்தக் கிருமி?" என்று கேட்பதற்கு முன் "எங்கே ஒளிய முடியும்?" என்று கேளுங்கள். ஒளிவதற்கு வசதியான இடங்கள் கொஞ்சம்தான். சீழ் கட்டி வயிற்றுக்குள், கல்லீரலில், இடுப்புக் குழியில் ஒளியலாம். எலும்பில், குறிப்பாக முதுகெலும்பில் ஒளியலாம். இதய வால்வில் ஒளியலாம். அப்புறம் காசநோய்; அது ஓரிடத்தில் ஒளியாமல் உடம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவிக்கிடக்கலாம். மிலியரி காசநோயில் ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே சரியாகத்தான் இருக்கும்; இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் தினை தூவியது போலத் தெரியும். எனவே சேர்ந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை வைத்து மூன்றாம் வாரத்தில் காசநோய் இல்லை என்று சொல்லாதீர்கள். திரும்ப எடுங்கள். எலும்பு மஜ்ஜை, கல்லீரல், நிணநீர்க் கட்டி, எங்கே சந்தேகம் இருக்கிறதோ அங்கிருந்து திசு எடுத்துப் பாருங்கள்.

இந்த இடங்களை மனதில் வைத்துக்கொண்டு தையல்காரரின் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். ஆன்டிபயாடிக்குக்கு நின்று, நிறுத்தியதும் திரும்பிய காய்ச்சல். முதுகு வலி. சிறுநீரில் ரத்தம். மண்ணீரல். இவை நான்கும் சேர்ந்து ஒரு வால்வைக் காட்டுகின்றன. வாய்வழி ஆன்டிபயாடிக் வெஜிடேஷனின் மேல்தோலைத் தொட்டு ரத்தத்தில் கிருமியைக் குறைக்கும். உள்ளே இருப்பதை முழுக்கக் கொல்லாது. அதனால் ஆறு வாரமும் பாதி வைத்தியம் நடந்திருக்கிறது.

என்னைக் குழப்பியது ருமட்டாய்டு ஃபேக்டர். அந்தப் பெயரே ஆளை வழிதவற வைக்கும். வாரக்கணக்கில் ரத்தத்தில் கிருமி சுற்றினால் உடம்பு ஆன்டிபாடிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் ருமட்டாய்டு ஃபேக்டரும் எழும். ஆன்டிபாடியும் கிருமித் துணுக்கும் சேர்ந்த கூட்டுகள் சிறுநீரகத்தில் படியும், சி3 செலவாகும், சிறுநீரில் ரத்தம் வரும். எண்டோகார்டைட்டிஸைக் கண்டறிவதற்கான ட்யூக் அளவுகோலிலேயே இந்த ஃபேக்டர் ஒரு சிறு அடையாளமாக இடம்பெற்றிருக்கிறது. ஆக, அழற்சி நோய்க்குச் சாட்சி என்று நான் எடுத்துக்கொண்ட இந்த மூன்று விஷயங்களும் தொற்றுக்கும் அதே அளவு சாட்சிதான். ஒரு ரிப்போர்ட் இரண்டு வகைக்கும் பொருந்துகிறது என்றால், வகையைத் தீர்மானிக்க அது உதவாது. ஒரு வகையில் மட்டும் இருக்கக்கூடியதைத் தேட வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்கள் சீனியர் வந்தார். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஒன்பது நாளும் "எஸ்1, எஸ்2 கேட்கிறது, மர்மர் இல்லை" என்று என் கையெழுத்தில் இருந்தது. முதல் நாள் கேட்டேன். மற்ற எட்டு நாளும் முதல் நாளைப் பார்த்து எழுதினேன். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. செவிலியர் எழுதிய பி.பி. தாளை எடுத்தார். சேர்ந்த அன்று 130/80. நான்காம் நாள் 136/70. அன்று காலை 140/50. கீழ் எண் மட்டும் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. "இதைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

நோயாளியை உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொன்னார். டயாஃபிரத்தை மார்பெலும்பின் இடது ஓரத்தில் அழுத்தி வைத்தார். என்னிடம் ஸ்டெத்தைக் கொடுத்தார். இரண்டாம் சத்தத்துக்குப் பின்னால் மெல்லிய, ஊதுவது போன்ற ஒரு சத்தம், தேய்ந்துகொண்டே போனது. அயோர்டிக் வால்வு ஒழுகுகிறது. படுக்க வைத்துக் கேட்டால் அது கேட்காது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதும் கேட்காது. பிறகு கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்பக்கத்தில் கடுகு அளவில் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

ஸ்டெராய்டு உத்தரவை நானே அடித்தேன்.

எக்கோவில் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். மார்பு வழியாகப் பார்க்கிற எக்கோ கணிசமான பேருக்கு வெஜிடேஷனைத் தவறவிடும், சிறியதாக இருந்தால் இன்னும் அதிகமாக. சந்தேகம் வலுவாக இருக்கும்போது அது நெகட்டிவ் என்றால் உணவுக்குழாய் வழி எக்கோ கேட்க வேண்டும். அதுவும் நெகட்டிவ் என்றால், சந்தேகம் நீடிக்கும்வரை ஏழு நாள் போலக் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் ஆளுக்கு அயோர்டிக் வால்வில் 9 மி.மீ. வெஜிடேஷன் ஆடிக்கொண்டிருந்தது.

கல்ச்சர் நெகட்டிவ் என்றால் நான் செய்தது போல "தொற்று இல்லை" என்று படிக்கக்கூடாது. முதலில் அந்தக் குப்பிக்குள் எவ்வளவு ரத்தம் போனது, எப்போது போனது என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு செட் என்றால் இரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி. மூன்று செட், தனித்தனி ஊசிக் குத்தலில், முதலுக்கும் கடைசிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு. எண்டோகார்டைட்டிஸில் கிருமி ரத்தத்தில் இடைவிடாமல் ஓடுவதால் குளிர் நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் அனுப்பியது ஒரே குப்பி, 4 மில்லி, ஆன்டிபயாடிக் ஊசிக்குப் பிறகு. அதில் எதுவும் வளராததில் ஆச்சரியம் என்ன?

அவர் நிலையாக இருந்தார்; மூச்சுத் திணறல் இல்லை, ரத்த அழுத்தம் விழவில்லை, ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி நீளவில்லை. அயோர்டிக் வால்வுத் தொற்றில் பி.ஆர். நீண்டால் வால்வின் அடியில் சீழ் பிடிக்கிறது என்று பயப்பட வேண்டும், அப்போது காத்திருக்க முடியாது. அதனால் தினமும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே ஆன்டிபயாடிக்கை நான்கு நாள் நிறுத்தினோம். மூன்று செட் எடுத்தோம். இரண்டாம் நாளே ஆறு குப்பியிலும் கிருமி. பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ். பழைய புத்தகங்களில் போவிஸ் என்று இருக்கும்.

முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் டிஸ்கில் தொற்று. தையல் தொழில் பாவம், அதன் மேல் பழி போட்டிருந்தோம்.

இப்போது புற்றுநோய் வகைக்கு வருவோம். இந்த வகையில் காய்ச்சலுக்குப் பேர்போனது லிம்ஃபோமா. அதற்கடுத்து ரத்தப் புற்று, சிறுநீரகப் புற்று, கல்லீரலில் வந்த புற்று. இங்கே காய்ச்சலைக் கட்டியே கிளப்புகிறது, சைட்டோகைன்களை உற்பத்தி செய்து. கட்டி அழுகியோ அடைத்தோ தொற்று வந்தாலும் காய்ச்சல் வரும், அது வேறு கதை. லிம்ஃபோமா ஒளிகிற விதம் தொற்றைவிட மோசமானது. கழுத்தில் கட்டி இல்லாமல், வயிற்றின் பின்புறத்திலோ மஜ்ஜையிலோ, சில சமயம் ரத்தக் குழாய்களின் உள்ளேயோ இருக்கும். இந்த வகையை முன்னால் கொண்டுவருவது எடைக் குறைவு மட்டும் இல்லை. எடை எல்லா வகையிலும் குறையும். எல்.டி.எச். காரணமில்லாமல் எகிறுவது, இரண்டு மூன்று வகை ரத்த அணுக்கள் சேர்ந்து குறைவது, பதினைந்து நாளில் ஒரு கட்டி வளர்ந்திருப்பது, இவைதான் என் கையைப் பயாப்ஸி பக்கம் கொண்டுபோகும். கட்டி எடுப்பதென்றால் ஊசி உறிஞ்சலோடு நிறுத்தாமல் முழுக் கட்டியையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். லிம்ஃபோமாவை வகைப்படுத்த அதன் உள்கட்டமைப்பு தேவை. பெட்-சி.டி. கிடைக்குமானால், எங்கே ஊசி வைப்பது என்று காட்ட அது நல்ல வழிகாட்டி. ஆனால் அது ஒளிர்கிற இடத்தைத்தான் காட்டும். தொற்றும் ஒளிரும், அழற்சியும் ஒளிரும், கட்டியும் ஒளிரும். பெயர் சொல்வது திசுதான்.

தையல்காரருக்கு இந்த வகை பின்வாசல் வழியாக வந்தது. கேலோலிட்டிகஸ் ரத்தத்தில் வளர்ந்தால் பெருங்குடலைப் பார்த்தே ஆக வேண்டும். குடல் புற்றோடும் பாலிப்போடும் அந்தக் கிருமிக்கு இருக்கும் தொடர்பு நெடுநாளாகத் தெரிந்தது. காய்ச்சல் அடங்கிய பிறகு கொலனோஸ்கோப்பி செய்தோம். சிக்மாய்டில் 3 செ.மீ. பாலிப், புற்றாக மாறும் தறுவாயில். அதை அப்படியே எடுத்துவிட்டார்கள். வகையைச் சரியாகப் பிடித்ததும் தேடலை மூடிவிட்டிருந்தால் இது உள்ளேயே இருந்திருக்கும்.

அழற்சி நோய்கள் என்ற மூன்றாம் வகைக்குத்தான் நான் அவரை அனுப்பப் பார்த்தேன். இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள பல நோய்களுக்கு "இதுதான்" என்று அடித்துச் சொல்லும் ஒரு டெஸ்ட் கிடையாது. பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு முறை, பெரும்பாலும் சாயங்காலம், 39 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறி, தானாக இறங்கிவிடும். காய்ச்சல் ஏறும் நேரத்தில் மட்டும் உடம்பில் இளஞ்சிவப்பாகத் தடிப்பு வந்து, இறங்கும்போது மறையும். காலை ரவுண்ட்ஸில் அந்தத் தடிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். ராத்திரி டியூட்டியில் இருப்பவர் பார்ப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். தொண்டை வலி, மூட்டு வலி, நியூட்ரோஃபில் கூடிய வெள்ளணு உயர்வு, ஆயிரக்கணக்கில் ஃபெரிட்டின் எல்லாம் சேர்ந்தால் ஸ்டில் என்று தோன்றும். ஆனால் யமகுச்சி அளவுகோலைப் போடுவதற்கு முன் தொற்றும் லிம்ஃபோமாவும் விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த அளவுகோலே சொல்கிறது. கடைசியாக வர வேண்டிய வகையை முதலில் கொண்டுவந்ததுதான் நான் செய்தது.

அப்படிச் செய்வதற்கு ஒரு தூண்டுதலும் இருக்கிறது. ஸ்டெராய்டு கொடுத்தால் எந்த வகைக் காய்ச்சலும் இறங்கக்கூடும். என் பிரெட்னிசோலோன் போயிருந்தால் மறுநாள் காய்ச்சல் நின்றிருக்கும், எல்லோரும் என் தோளைத் தட்டியிருப்பார்கள், வால்வு அரித்துக்கொண்டே போயிருக்கும். லிம்ஃபோமாவுக்குக் கொடுத்தால் கட்டி கரைந்து, பயாப்ஸியில் செத்த செல்கள்தான் வரும். காசநோய்க்குத் தனியாகக் கொடுத்தால் பரவும்.

விலக்கு உண்டு. 50 வயதைத் தாண்டியவர், புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலிக்கிறது, இ.எஸ்.ஆர். எக்கச்சக்கம், கண் ஒரு கணம் இருண்டு தெளிந்தது என்று சொல்கிறார். ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்று சந்தேகம் வந்த அன்றே ஸ்டெராய்டு கொடுக்க வேண்டும், பயாப்ஸி அந்த வாரத்தில் எடுத்தால் போதும். போன பார்வை திரும்பாது. அதே போல நியூட்ரோஃபில் 500க்குக் கீழ் இருப்பவர், ரத்த அழுத்தம் விழுகிறவர், கழுத்து விறைப்பவர் ஆகியோரிடம் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபெரிட்டின் வானத்தில், ரத்த அணுக்கள் எல்லாம் சரிகின்றன, மண்ணீரல் பெரிதாகிறது என்றால் எச்.எல்.எச்.; அன்று ராத்திரியே சீனியரை எழுப்புங்கள். மற்றவர்களிடம் பொறுத்திருந்து தேடலாம்.

நான்காம் வகையான "மற்றவை"யை எல்லோரும் மிச்சம் மீதி போல நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்துக் காய்ச்சல், காலில் ரத்தக் கட்டு, தைராய்டைட்டிஸ் எல்லாம் இங்கே இருக்கின்றன. மலிவாகக் கண்டுபிடிக்கலாம், பலதையும் சுலபமாகச் சரிசெய்யலாம். தேடலின் முதல் நாளிலேயே பார்க்க வேண்டிய வகை இது.

இனி உங்கள் நோயாளி. சீஃப் கேட்ட கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தக் காய்ச்சல் எங்கே பிறந்தது? 1991இல் டூராக்கும் ஸ்ட்ரீட்டும் பழைய வரையறையைத் திருத்தியபோது நோயாளிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள்: வெளியிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்கள், மருத்துவமனையில் இருக்கும்போது காய்ச்சல் வருகிறவர்கள், நியூட்ரோஃபில் குறைந்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். நீங்கள் மூன்று வாரம் என்று ஒன்றாகக் கூட்டுகிறீர்கள். உங்கள் கடிதப்படி இரண்டு காய்ச்சல் இருக்கிறது. முதல் காய்ச்சல் சிறுநீர்த் தொற்று. அது நான்காம் நாளே முடிந்துவிட்டது. இரண்டாவது, ஒன்பதாம் நாள், உங்கள் வார்டில் பிறந்தது. அவர் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர். அங்கே லிம்ஃபோமாவும் ஸ்டில் நோயும் பட்டியலில் கீழே இருக்கும். மேலே இருப்பவை ஊசிக் குழாய், கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டு, ஆன்டிபயாடிக்கால் வரும் குடல் தொற்று, மருந்து.

இதில் நான் மருந்தை முன்னால் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்து ஏழு முதல் பத்து நாளில் காய்ச்சல் வருவது மருந்துக் காய்ச்சலின் வழக்கமான நேரம். 103 இருக்கும்போது போனில் சிரித்துப் பேசுகிற ஆள் என்பது இன்னொன்று. காய்ச்சலுக்கும் ஆளின் நிலைக்கும் பொருத்தமே இருக்காது. பல்ஸையும் பாருங்கள், 103க்கு எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறாமல் 90க்குள் நிற்கிறதா என்று. தடிப்பு இல்லை, இயோசினோஃபில் ஏறவில்லை என்று கைவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு இரண்டும் இருக்காது. சி.ஆர்.பி. ஏறியிருப்பதும் இதற்கு எதிரான சாட்சி இல்லை. நீங்கள் மருந்து மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். செஃப்ட்ரியாக்சோன், பைப்பராசிலின், மெரோபெனம் மூன்றும் பீட்டா-லாக்டம் குடும்பம். அண்ணனை அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

என்ன செய்யலாம் என்றால், நாளை ரவுண்ட்ஸுக்கு முன் மருந்துத் தாளையும் டெம்பரேச்சர் தாளையும் ஒரே காகிதத்தில் தேதிவாரியாக வரைந்துகொள்ளுங்கள், மேலே காய்ச்சல், கீழே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கோடு. வலி மாத்திரை, வாந்தி மருந்து, வலிப்பு மருந்து எதையும் விடாதீர்கள். ஃபெனிட்டாயின், அலோப்யூரினால், சல்ஃபா எல்லாம் இதில் பெயர் வாங்கியவை. பிறகு நோயாளியிடம் போய்க் கையைத் திருப்பி ஒவ்வொரு ஊசி போட்ட இடத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு கெண்டைக்காலையும் ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். வயிற்றுப்போக்கு உண்டா என்று கேளுங்கள். முகம் வீங்கியிருக்கிறதா, நிணநீர்க் கட்டி உண்டா, கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் சாதாரண மருந்துக் காய்ச்சலைத் தாண்டி டிரெஸ் எனப்படும் கடும் ஒவ்வாமைக்குள் போகிறோம் என்று அர்த்தம். சந்தேக மருந்தை உடனே நிறுத்த வேண்டும், பிறகு எப்போதும் திரும்பக் கொடுக்கக்கூடாது.

இது எதுவும் இல்லை, ஆள் நிலையாக இருக்கிறார், புதிதாக எடுத்த சிறுநீர்க் கல்ச்சரிலும் ஒன்றுமில்லை என்றால், மெரோபெனத்தை நிறுத்தலாமா என்று சீஃபிடம் கேளுங்கள். நிறுத்துவதற்கு முன் மூன்று செட் பிளட் கல்ச்சர், நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு மூன்று செட். நிறுத்திய நேரத்தை டெம்பரேச்சர் தாளில் சிவப்பு மையில் குறியுங்கள். பாராசிட்டமாலை நேரத்துக்கு நேரம் கொடுக்காதீர்கள், கோடு கலங்கிவிடும்; அவருக்குத் தாங்கவில்லை என்றால் மட்டும். மருந்துதான் காரணம் என்றால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் கோடு தரையில் வந்து நிற்கும். உடம்பில் நெடுநாள் தங்கும் மருந்தாக இருந்தால் இன்னும் சில நாள் பிடிக்கும், மெரோபெனம் அப்படிப்பட்டதில்லை.

72 மணி தாண்டியும் 103 என்றால் நான் சொன்னது தவறு. அப்போது முதல் நாள் எடுத்த சி.டி.யை நம்பாமல் சிறுநீரகத்தைத் திரும்பப் படம் எடுங்கள், சுற்றிலும் சீழ் கட்டியிருக்கிறதா என்று. அவரை உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, மூச்சை நிறுத்தச் சொல்லி இதயத்தைக் கேளுங்கள்.

தையல்காரருக்கு டிஸ்க் தொற்றும் இருந்ததால் செஃப்ட்ரியாக்சோன் தினம் 2 கிராம், ஆறு வாரம் போட்டோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றது. அவருக்கு ஒன்பதாம் நாள் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ் ஆகியிருந்தது. பி.பி. மட்டும் 140/56.